தனிச் சாப்பாடா, நேரத்துக்குச் சாப்பாடா: விடுதிக் காப்பாளருக்கு எழுத யோசித்த மூன்று கடிதங்கள்

தருமபுரியில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, கிணற்றுத் தகராறு என்று திங்கட்கிழமை ஒரு நாளில் மட்டும் முப்பது மனு எழுதுவேன். இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நான்கு கேட்டால்தான் இரண்டு கிடைக்கும் என்று எதையும் பெரிதாகவே கேட்டு எழுதுவோம். அக்கா மகளுக்கு விடுதியில் சாப்பாடு விஷயமாகக் கடிதம் எழுதும்போதும் அதே பழக்கத்தில் எழுதினேன். அது எப்படித் திரும்பியது, அப்புறம் வேறு எப்படி எழுதலாம் என்று என்னென்ன யோசித்தோம், கடைசியில் எதைக் கொடுத்தோம் என்பதை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. முதல் வகை. அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, ஊசி போட்டே ஆக வேண்டும். வீட்டில் இருந்தவரை சிக்கல் இல்லை, அக்கா கடிகாரம் மாதிரி. போன வருஷம் தருமபுரியில் கல்லூரியில் சேர்ந்தாள். ஊர் பென்னாகரத்துக்கும் அந்தப் பக்கம், தினமும் பஸ்ஸில் போய் வர முடியாது. விடுதிதான்.

அவள் போடுவது கலவை இன்சுலின். பாட்டிலைக் கையில் உருட்டிக் கலக்கிப் போடுவார்களே, வெள்ளையாக, அது. காலை ஏழரைக்கு ஒன்று, இரவு ஏழரைக்கு ஒன்று. போட்டு அரை மணியில் சாப்பிட்டுவிட வேண்டும். இதில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று போட்ட அரை மணியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். இன்னொன்று மெதுவாக ஆரம்பித்து நான்கைந்து மணி நேரம் கழித்து வேகம் எடுக்கும். காலையில் போட்டது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உச்சத்தில் இருக்கும், இரவு போட்டது நடுராத்திரி தாண்டி உச்சத்துக்கு வரும். அதனால்தான் பதினொரு மணிக்குச் சின்னதாக ஒன்று, படுக்கும் முன் சின்னதாக ஒன்று சாப்பிடச் சொல்கிறார்கள். ஊசி உடம்புக்குள் போய்விட்டால் அதை நிறுத்தி வைக்க முடியாது. சாப்பாடு அதற்கு ஈடாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் மூன்று கடிதத்தில் எது வேலை செய்யும் என்பது தானாகவே புரியும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முதல் கடிதம்: தனியாகச் சமைத்துத் தாருங்கள்

டாக்டர் சீட்டில் "டயபெட்டிக் டயட்" என்று ஒரே வரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் எழுதியதன் நடுப்பகுதி இது:

> "மேற்படி மாணவி சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்டவர் என்பதால், அரிசி உணவைத் தவிர்த்து, சப்பாத்தி, ராகி, ஓட்ஸ் முதலிய சிறப்பு உணவைத் தனியாகத் தயாரித்து வழங்குமாறும், சர்க்கரை மற்றும் இனிப்பு வகைகள் எதையும் அவருக்கு வழங்க வேண்டாம் என உணவுக்கூடப் பணியாளர்களுக்கு அறிவுறுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மனுவாகப் பார்த்தால் நல்ல மனு. காப்பாளர் அம்மாவும் மறுக்கவில்லை. படித்துவிட்டு "பாவம் பொண்ணு" என்று சொல்லி உடனே கையெழுத்துப் போட்டு மெஸ்ஸுக்கு அனுப்பினார்.

மெஸ்ஸில் சமையலுக்கு இரண்டு பேர், சாப்பிடுவது நூற்றுச் சொச்சம் பெண்கள். இட்லி ஈடு இறக்கி, பொங்கலைக் கிண்டி, எல்லாருக்கும் பரிமாறி முடிந்த பிறகுதான் ஒரு ஆளுக்குச் சப்பாத்திக் கல் போட முடியும். எட்டு மணிக்கு மெஸ் திறந்தால் பாப்பா தட்டில் சப்பாத்தி விழும்போது ஒன்பது ஆகிவிடும். அவளோ ஏழரைக்கே ஊசி போட்டிருப்பாள். சமையல்கார அக்காவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கடிதத்தில் சாப்பாட்டு வகை இருந்ததே தவிர நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. எட்டே முக்கால் இருக்கும். மெஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குக் குப்பென்று வியர்த்து, கை நடுங்கியிருக்கிறது. கூட இருந்த பெண் பையிலிருந்து மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். அந்தப் பெண் ஓடிப்போய் அடுப்படியில் சர்க்கரை கேட்டிருக்கிறாள். சமையல்கார அக்கா சொன்னது: "சுகர் பொண்ணுக்குச் சர்க்கரை குடுக்கக் கூடாதுன்னு லெட்டர்லயே எழுதியிருக்குது கண்ணு. நான் குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அந்த வரியை எழுதியவன் நான்.

நல்லவேளை, அவள் தோழி ரூமில் குளுக்கோஸ் பொடி வைத்திருந்தாள். மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 84. அதற்குப் பிறகு இரண்டு இட்லி. கல்லூரிக்குக் கூடப் போய்விட்டாள். சாயந்திரம் போனில் என்னிடம், "மாமா, உங்க லெட்டரைத் திருப்பி வாங்கிடுங்க" என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக உட்கார்ந்து சப்பாத்தி தின்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் பெயரே "சப்பாத்தி" ஆகியிருந்தது.

நேரம் போகட்டும், சாப்பாடாவது உடம்புக்கு ஏற்றதா என்று பார்த்தால் அதிலும் கோட்டை விட்டிருக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் மாவுச்சத்து. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் சுமார் 18 முதல் 20 கிராம் மாவுச்சத்து. மூன்று சப்பாத்தி என்றால் அறுபதுக்குப் பக்கம். 200 மில்லி எவர்சில்வர் டம்ளரில் அழுத்தாமல் சோறு அள்ளினால் நாற்பது கிராம் மாவுச்சத்து. ஒன்றரை டம்ளர் சோறும் அறுபதுதான். சப்பாத்தி கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும், அந்த ஒரு நன்மைக்காக ஒரு மணி நேரத்தைப் பலி கொடுத்திருக்கிறோம்.

ராகி விஷயம் இன்னும் மோசம். நம்ம ஜில்லாவில் "களி தின்னா சுகர் ஏறாது" என்பது வேதவாக்கு மாதிரி. பாப்பாவின் தாத்தா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் இரண்டு உருண்டை வாங்குவார். நூறு கிராம் ராகி மாவில் எழுபது கிராம் பக்கம் மாவுச்சத்து இருக்கிறது. விடுதியில் போடும் களி உருண்டை ஒன்றுக்கு அந்த நூறு கிராம் மாவு போய்விடும். அப்படியானால் ஒரு உருண்டைக் களி, ஒன்றரை டம்ளர் சோற்றைவிடச் சற்று அதிகம். ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. கீரைக் கடைசலோ அவரைக்காய்க் குழம்போ சேர்த்துத் தின்றால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். ஆனால் மாவை நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். ராகி என்பதற்காக அளவில்லாமல் தின்ன முடியாது. அளந்தால் ராகியும் சரி, சோறும் சரி.

முதல் கடிதத்தின் சிக்கல் இதுதான். "சர்க்கரை நோயாளி உணவு" என்றதும் நம் தலையில் வருவது வயதான, மாத்திரை போடும், எடை குறைக்க வேண்டிய பெரியவரின் உணவு. கல்லூரி போகும், ஊசி போடும், எடை சரியாக இருக்கும் பெண்ணுக்கு அது இல்லை. அவளுக்கு வேண்டியது எல்லோரும் சாப்பிடும் சாப்பாடே, நேரத்தோடும் அளவோடும்.

தனிச் சமையல் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு சீலியாக் என்ற நோயும் சேர்ந்து வரும், கோதுமை தொடவே கூடாது. சிறுநீரகம் பாதித்திருந்தால் உப்பு, பருப்பு எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. அவர்களுக்கு இந்த முதல் வகைக் கடிதம்தான் சரி. ஆனால் அப்போதும் டாக்டர் சீட்டில் எதைத் தவிர்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதி வாங்க வேண்டும். பொதுவாக "சிறப்பு உணவு" என்று கேட்டால் சீலியாக் உள்ள பெண்ணுக்கும் சப்பாத்திதான் வரும்!

இரண்டாவது யோசனை: வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி

வியாழக்கிழமைக் கதையைக் கேட்டதும் அக்கா, "மெஸ்ஸே வேணாம்டா தம்பி, வெளியே ஏற்பாடு பண்ணு" என்றாள். விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு அம்மா இருக்கிறார். சொன்னபடி அளந்து கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். வேளைக்கு அறுபது ரூபாய். காலையும் இரவும் மட்டும் என்றாலே மாதம் 3,600. மெஸ் கட்டணம் அதோடு நிற்காது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டும். அக்கா வீட்டுக்கு அது பெரிய தொகை.

காசை விடுங்கள், எனக்கு உறுத்தியது வேறு. கேரியரைக் கொண்டு வரும் பையன் ஏழேமுக்காலுக்கு வந்தால் சரி. மழை பெய்தால்? வண்டி பஞ்சர் ஆனால்? விடுதி கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி வைத்தால்? மெஸ் தாமதமானால் கூட நூறு பேருக்கும் தாமதம், சத்தம் போட ஆள் உண்டு. கேரியர் தாமதமானால் இவள் ஒருத்திதான் வாசலில் நிற்க வேண்டும்.

ரூமிலேயே சமைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாமா என்றும் பார்த்தோம். மின்சாரக் கெட்டில், இண்டக்சன் அடுப்பு எதுவும் ரூமில் கூடாது என்பது விடுதி விதி. தீ பயம், அதில் நியாயமும் உண்டு. டாக்டர் சீட்டு வைத்துக் கேட்டாலும் எந்தக் காப்பாளரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

ஆனால் இந்த யோசனையில் ஒரு துண்டு மட்டும் உருப்படியானது. சமைக்க வேண்டியில்லாத சின்னச் சாப்பாட்டை ரூமில் வைத்துக்கொள்ளும் அனுமதி. பதினொரு மணிக்கும் படுக்கும் முன்னும் தின்ன வேண்டியது, சர்க்கரை குறைந்தால் குடிக்க வேண்டிய குளுக்கோஸ் பொடி. பல விடுதிகளில் எலி, எறும்பு வரும் என்று ரூமில் தீனி வைக்க விடுவதில்லை. பாப்பாவின் விடுதியிலும் சனிக்கிழமை சோதனை உண்டு, ஒருமுறை அவள் பிஸ்கட் பாக்கெட்டையே எடுத்துப் போய்விட்டார்கள். இந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து மூன்றாவது கடிதத்தில் ஒட்டினேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி இடைவேளைப் பசிக்கு நல்லது. ஆனால் சர்க்கரை குறைந்து கை நடுங்கும்போது கடலை தின்றால் உதவாது, கொழுப்பு அதிகம் என்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ், இல்லாவிட்டால் சாதாரணச் சர்க்கரை மூன்று ஸ்பூன். சாக்லேட்டும் அதே காரணத்தால் இரண்டாம் பட்சம். ரூம் தோழிகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும்.

மூன்றாவது கடிதம்: இருக்கிற சாப்பாட்டில் சின்ன மாற்றம்

இதை எழுதுவதற்கு முன்னால் மனு எழுதுகிறவன் செய்ய வேண்டியதை, முதல் தடவை செய்யாததை, செய்தேன். காப்பாளரைப் பார்த்து, "அம்மா, உங்கள் கையில் இருக்கிறது என்ன, இல்லாதது என்ன" என்று கேட்டேன். அவர் வெளிப்படையாகச் சொன்னார். மெனுவை மாற்றுவது மெஸ் கமிட்டி வேலை. தனிச் சமையலுக்கு ஆள் கிடையாது. செலவைப் பெண்கள் தலைக்கு இத்தனை என்று பிரித்துக் கட்டுவதால் ஒருத்திக்குத் தனியாக வாங்கினால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஆனால் யாரை முதலில் சாப்பிட விடுவது, யார் பங்கை எடுத்து வைப்பது, ரூமில் என்ன வைத்துக்கொள்ள விடுவது, ஃப்ரிட்ஜ் சாவி யாரிடம் இருப்பது, இதெல்லாம் அவர் ஒரு கையெழுத்தில் முடிக்கக்கூடியவை.

அரசு விடுதியாக இருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம். கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய். 2023-இல்தான் 1,100-லிருந்து அந்தத் தொகைக்கு உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய், அதில் மூன்று வேளையும் வர வேண்டும். அங்கே காப்பாளரிடம் ஓட்ஸும் பழமும் கேட்டால் அவர் நல்லவராக இருந்தாலும் எங்கிருந்து எடுப்பார்? அப்படிப்பட்ட இடத்தில் காசு கேட்காத கடிதம்தான் நிறைவேறும் கடிதம்.

அடுத்து டாக்டர் சீட்டு. "டயபெட்டிக் டயட்" ஒரு வரி போதாது என்று தெரிந்துவிட்டதால், சர்க்கரைப் பிரிவில் மறுபடி வரிசையில் நின்று, என்ன எழுதித் தர வேண்டும் என்று நானே ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ஊசி போடும் நேரம், ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு கட்டாயம், சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர், ஊசியும் மெஷினும் எப்போதும் கையில் இருக்கலாம். நாலே வரி. கூட்டம் இருந்தாலும் எழுதித் தருகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

கடிதம் இப்படி அமைந்தது. பெயர், எண்களை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

> அனுப்புநர்: (மாணவி), முதலாம் ஆண்டு, அறை எண் __
>
> பெறுநர்: விடுதிக் காப்பாளர் அவர்கள், மகளிர் விடுதி, தருமபுரி.
>
> பொருள்: இன்சுலின் ஊசி போடும் மாணவிக்கு உணவு நேரம், அளவு தொடர்பாகச் சில அனுமதிகள் வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். எனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளது. காலை 7.30, இரவு 7.30 மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் குறையும். முன்பு என் மாமா கொடுத்த கடிதத்தில் தனி உணவு கேட்டிருந்தார். அது தேவையில்லை. அந்தக் கடிதத்தை ரத்து செய்து, இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.
>
> 1. மெஸ்ஸில் அன்று சமைத்த உணவையே சாப்பிடுகிறேன். காலையும் இரவும் 7.55 மணிக்கு, வரிசைக்கு முன்பாக எனக்குப் பரிமாற அனுமதிக்க வேண்டும்.
>
> 2. என்னிடம் உள்ள அளவு டம்ளரில் சோற்றை அளந்து வாங்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். உருளைக்கிழங்குப் பொரியல் போடும் நாளில் அதற்குப் பதிலாகக் கூடுதலாகச் சாம்பார்க் காயோ கீரையோ இருந்தால் போதும்.
>
> 3. செய்முறை வகுப்பு நாட்களில் மதியம் 1 மணிக்கு வர முடியாது. அந்நாட்களில் காலையிலேயே டிபன் பாக்ஸில் மதிய உணவை எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும்.
>
> 4. மூடியுள்ள டப்பாவில் பிஸ்கட், வறுத்த கடலை, குளுக்கோஸ் பொடி ஆகியவற்றை அறையில் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.
>
> 5. எனக்குச் சர்க்கரை குறைந்து, நானோ என் தோழியோ சர்க்கரை கேட்டால், காரணம் கேட்காமல் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை தரும்படி மெஸ் பணியாளர்களிடம் சொல்ல வேண்டும்.
>
> 6. பிரிக்காத இன்சுலின் பாட்டிலை அலுவலக ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் அல்லாமல் கதவுப் பக்கத் தட்டில் வைக்க அனுமதிக்க வேண்டும்.
>
> இவற்றால் விடுதிக்குக் கூடுதல் செலவு வராது. மருத்துவர் சீட்டும், என் தாயாரின் கைபேசி எண்ணும் இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
> (மாணவி கையொப்பம்) (தாயார் கையொப்பம்)

முதல் கடிதம் என் கையெழுத்தில் போனது. இது அவளுடையது. பதினெட்டு ஆகிவிட்டது, அவள் உடம்பு, அவளே கேட்கட்டும் என்று அக்காவிடம் சண்டை போட்டு மாற்றினேன். இன்னொரு காரணமும் உண்டு. மாமா எழுதினால் "சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றுதான் எழுத வரும். சாப்பிடப் போகிறவள் எழுதினால் "இதைச் சாப்பிடுகிறேன்" என்று வரும். மூன்றாவது வேண்டுகோள் முழுக்க அவள் யோசனை. செய்முறை வகுப்பு என்றால் இரண்டு மணி ஆகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

எது எவ்வளவு வேலை செய்தது

ஆறில் நான்கு அன்றைக்கே ஒப்புதல். மதிய டிபன் பாக்ஸுக்கு ஒரு வாரம் பிடித்தது, காலை எட்டு மணிக்குள் மதியச் சோறு வெந்திருக்காது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. சமையல்கார அக்காதான் வழி சொன்னார். அந்த நாட்களில் காலை டிபனையே இன்னொரு பங்கு எடுத்துப் போகட்டும் என்று. நாலு இட்லியும் கெட்டிச் சட்னியும் என்றால் மாவுச்சத்து ஐம்பது கிராம் பக்கம் வருகிறது, கூட ஒரு வாழைப்பழத்தில் பாதி. அவள் மத்தியான அளவுக்குக் கிட்டத்தட்டச் சரி.

ஃப்ரிட்ஜ் மட்டும் இழுத்தது. இரவு ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் வெயில் படாமல் இருந்தால் வெளியிலேயே ஒரு மாதம் தாங்கும், ஃப்ரிட்ஜ் தேவைப்படுவது அடுத்த பாட்டிலுக்குத்தான். பகலில் எடுத்துக்கொண்டால் போதும். ஏப்ரல், மே வெயிலுக்கு மட்டும் ரூமில் ஒரு சின்ன மண்சட்டியில் ஈர மணலுக்கு நடுவே டம்ளர் வைத்து, அதற்குள் பாட்டிலை வைத்துக்கொள்கிறாள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நோட்டில் இரண்டு வாரம் எழுதினாள். காலை டிபனுக்கு முன், மத்தியானத்துக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். முதல் கடிதம் அமலில் இருந்த மூன்று வாரத்தில் எழுபதுக்குக் கீழே ஐந்து தடவை போயிருந்தது, அதில் நாலு காலை ஒன்பது மணி வாக்கில். சப்பாத்தி வந்து சேர்ந்த பிறகு பயத்தில் கூடுதலாகத் தின்று, மத்தியானம் 260, 280 என்று ஏறியும் இருந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஒரே ஒரு தடவை 66, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பிரியாணி, மத்தியானச் சாப்பாடே இரண்டேகாலுக்குத்தான். காலையில் போட்ட ஊசியின் உச்சம் ஒன்றரை வாக்கில் அடித்திருக்கிறது. ஞாயிறு தாமதத்தை எந்தக் கடிதமும் சரி செய்யாது. ஒரு மணிக்கு டப்பாவிலிருந்து நாலு பிஸ்கட் எடுத்துத் தின்றுவிட்டுப் பிரியாணிக்குக் காத்திருக்கிறாள். பிரியாணி அளவு ஒன்றரை டம்ளர், சரியாக.

நோட்டைப் பார்த்து டாக்டர் இரவு ஊசி அளவை இரண்டு யூனிட் குறைத்தார். அது அவர் வேலை, நாங்கள் தொடவில்லை.

மாத்திரை மட்டும் போடும், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள மாணவராக இருந்தால் இந்தக் கடிதத்தில் நேரம் பற்றிய வேண்டுகோள்கள் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. அளவு, காய், கீரை, இனிப்பு பற்றியவை முன்னுக்கு வரும். சில மாத்திரைகளில் சர்க்கரை குறையும் ஆபத்து உண்டு என்பதால் ஐந்தாவது வேண்டுகோளை எடுத்துவிடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு நாலு ஊசி போடுகிறவர்களுக்குச் சாப்பிடும் நேரத்தில் கொஞ்சம் சலுகை இருக்கும், சாப்பாட்டுக்கு ஏற்றாற்போல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு முதல் வேண்டுகோளைவிட இரண்டாவது, அளவு டம்ளர், முக்கியம்.

போன மாசம் பாப்பாவைப் பார்க்கப் போனபோது மெஸ்ஸில் எட்டிப் பார்த்தேன். கடிதத்தின் நகல் ஒன்றை அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். எண்ணெயும் மஞ்சளும் பட்டு மேலே பாதி படிக்கவே முடியவில்லை. ஐந்தாவது வரிக்குக் கீழே மட்டும் யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆணியில் ஒரு சின்னத் தூக்குவாளி தொங்கியது. திறந்து பார்த்தேன், சர்க்கரை.